சுண்டிப் பார்த்து வாங்குதல்: பழைய ஊறுகாய் ஜாடியில் ஒளிந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவிலும் அதையொட்டிய சந்துகளிலும் பழைய பீங்கான் தேடிப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஊறுகாய் ஜாடியில்தான். தோளும் கழுத்தும் தேன் பழுப்பாகவும் வயிறு சந்தன வெள்ளையாகவும் இருக்கும் இந்த ஜாடிகளைக் கடைக்காரர்கள் பர்ணி என்கிறார்கள். பழைய ஜாடியில் கோடே இல்லாமல் இருப்பது அபூர்வம் என்பதால், கோடு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, இருக்கிற கோடு எந்த வகை என்று பார்ப்பதுதான் வாங்குபவரின் வேலை. மேல்மெருகில் மட்டும் ஓடும் வலைக்கோடு ஒரு வகை. மண்ணுடலையே ஊடுருவிய மயிரிழை விரிசல் இன்னொரு வகை. ஜாடி சூளையை விட்டு வெளியே வரும்போதே கொண்டுவந்த குறை மூன்றாவது வகை. மூன்றும் தூசி படிந்த நிலையில் ஒன்றுபோலவே தோன்றும்.

கையில் எடுக்கும் முன்

மூடியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளே திருகாணி, நாணயம், பழைய சாவி என்று எதையாவது போட்டு வைத்திருப்பது கடைகளில் சகஜம். அதையெல்லாம் கொட்டிவிடச் சொல்லுங்கள். காய்ந்த துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள். கூடவே கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்று, கைவிளக்கு அல்லது கைப்பேசியின் விளக்கு, மரப் பென்சில் ஒன்று, ஈரப்படுத்திக்கொள்ள ஒரு சிறு துணி. விரலில் மோதிரம் இருந்தால் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். உலோகம் பட்டு மெருகு தெறிப்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சண்டை மூட்டிவிடும் விஷயம்.

கோட்டைப் படித்தல்

முதலில் வலைக்கோடு. இதைக் கிரேசிங் என்று வியாபாரத்தில் சொல்வார்கள். சூளை ஆறும்போது மண்ணுடலும் அதன்மேல் கண்ணாடிபோல் உருகிப் படிந்த மெருகும் சேர்ந்தே சுருங்குகின்றன. மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்க முயன்றால் அது இழுபட்டு, தாங்க முடியாமல் நுண்ணிய கட்டங்களாக வெடிக்கிறது. இது சூளை ஆறும்போதே நிகழலாம், பல ஆண்டுகள் கழித்தும் நிகழலாம். குறைந்த சூட்டில் சுட்ட, நுண்துளைகள் மிகுந்த மண் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்லப் பருக்கிறது. மேலே இருக்கும் மெருகு பருப்பதில்லை. ஆகவே ஒருநாள் அது விட்டுக்கொடுக்கிறது. கடலோர ஊரில் தலைமுறைக் கணக்கில் இருந்த தட்டுகளில் வலை அடர்த்தியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலைக்கோட்டின் அடையாளம், கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிய கட்டங்களாக அமைவது. நகத்தால் மெதுவாக வருடினால் எதுவும் தட்டுப்படாது. உட்புறம் ஒரு கோடு ஓடும் இடத்துக்கு நேரே வெளிப்புறம் பார்த்தால் அதே கோடு இருக்காது. இரண்டு பக்க மெருகும் தனித்தனியாக வெடித்தவை. சீனத்தின் ‘கே’ வகைப் பாத்திரங்களில் இதையே வேண்டுமென்று வரவழைத்துக் கறையேற்றி அழகாக்கினார்கள். எனவே வலைக்கோடு தன்னளவில் உடைசல் அல்ல, ஆனாலும் எண்ணெயும் உப்பும் உள்ளே போக அது வழிவிடும்.

மயிரிழை விரிசல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது பெரும்பாலும் விளிம்பிலிருந்தோ அடிவளையத்திலிருந்தோ புறப்பட்டுத் தனியாக ஓடும். உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரியும். ஓவியம், பட்டை, நிறமாற்றம் எதையும் மதிக்காமல் குறுக்கே போகும். அடிபட்ட இடமானால் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் மூன்று நான்கு கோடுகள் கிளம்பியிருக்கும். வலைக்கோட்டின் நடுவே விரிசல் ஒளிந்துகொண்டிருப்பதுதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றும் நிலை. இதற்கு ஒரு வழி உண்டு. மெருகில் பிறகு வந்த வெடிப்பு, முன்பு வந்த வெடிப்பைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே வலையில் கோடுகள் பெரும்பாலும் ஒன்றில் ஒன்று முட்டி முடிகின்றன. மண்ணோடு சேர்ந்து உடைந்த விரிசல் அப்படி நிற்காது. பல கட்டங்களை நேராக வெட்டிக்கொண்டு நீளமாகப் போகும், மற்றவற்றைவிடக் கறுத்தும் இருக்கும். லென்ஸை வைத்துக்கொண்டு அந்த நீளக் கோட்டை முனைவரை பின்தொடருங்கள். அது மெருகில்லாத அடிவளையத்திலும் தொடர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கறுத்த கோடு இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். ப்ளீச்சில் ஊறவைத்துக் கறையைப் போக்கி விற்பது பழைய தந்திரம். அப்படி வெளுத்த விரிசல் கண்ணுக்குச் சிக்காது. ஜாடிக்குள் மூக்கை வைத்தால் நீச்சல்குள வாடை அடித்தால், சுண்டிப் பார்க்காமல் அந்தக் கடையை விட்டு நகராதீர்கள்.

சூளையிலேயே வந்த குறை

இதைப் பற்றி விற்பவர் சொல்வதை நம்புவதைவிட மெருகைக் கேட்பது நல்லது. சூளையில் மெருகு உருகுவதற்கு முன்பே மண்ணில் ஏற்பட்ட வெடிப்பானால், உருகிய மெருகு அதற்குள் வழிந்து இறங்கியிருக்கும். வெடிப்பின் உதடுகள் உருண்டு மழமழப்பாக இருக்கும். கோடு நடுவில் அகன்றும் முனைகளில் குறுகியும் காணப்படும். சக்கரத்தில் வனைந்த பாத்திரத்தின் அடிநடுவில் ‘எஸ்’ எழுத்தைப்போல் வளைந்த வெடிப்பு இருந்தால், அது அடிமண்ணைச் சரியாக அழுத்தாததாலும் சீராக உலராததாலும் வந்தது. கைப்பிடி ஒட்டிய மூலையில் வருவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

ஒரே ஒரு விதிவிலக்கு குழப்பும். மெருகு இறுகிய பிறகு, சூளை வேகமாக ஆறும்போதும் பாத்திரம் வெடிப்பதுண்டு. மண்ணில் உள்ள படிகக்கல் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று அளவு மாறுவது இதற்குப் பெரிய காரணம். அந்த வெடிப்பு மெருகையும் சேர்த்து அறுத்திருக்கும் என்பதால் உதடுகள் கூர்மையாகவே இருக்கும். அது நேற்று அடிபட்டு வந்த விரிசலா, சூளை ஆறும்போது வந்ததா என்று கண்ணால் பிரிப்பது கடினம். வாங்குபவருக்கு அந்தப் பிரிவினை அவ்வளவு முக்கியமும் இல்லை. கூர்மையான உதடு உள்ள எதையும் விரிசல் என்றே கணக்கில் வையுங்கள்.

ஊசித்துளைகள், இரும்புப் புள்ளிகள், ஒட்டிக்கொண்ட சூளை மணல், அடியில் முக்காலி நின்றதுபோன்ற மூன்று சிறு தழும்புகள் ஆகியவற்றுக்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

சுண்டுதல்

தாராவி கும்பார்வாடாவில் தண்ணீர்ப் பானை வாங்குபவர்கூட ஒருமுறை தட்டிக் காது கொடுக்காமல் காசு கொடுப்பதில்லை. பழைய பொருளுக்கு அதே வேலையைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பாத்திரத்தைச் சுண்டும்போது அதன் விளிம்பு மணியின் வாயைப்போல் உள்ளும் புறமுமாக அதிர்கிறது. விரிசல் இருந்தால் அதன் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று உரசி அந்த அதிர்வைத் தின்றுவிடும். ஓசை நீளாமல் வெட்டுப்படும், அல்லது அடியில் ஒரு கரகரப்பு ஒலிக்கும்.

கிண்ணத்தையும் தட்டையும் இடது கையின் விரல்நுனிகளில் அடிவளையம் மட்டும் படும்படி நிறுத்துங்கள். உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தால் எவ்வளவு நல்ல பாத்திரமும் ஊமையாகிவிடும். ஊறுகாய் ஜாடி கனமானது, தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. மரப்பலகையின் மேல் ஒரு மடிப்புத் துணி விரித்து நிறுத்தினால் போதும். ரப்பர் விரிப்பிலும் மற்றப் பாத்திரங்களை ஒட்டியும் வைக்காதீர்கள். பிறகு நடுவிரல் நகத்தால் வாய்விளிம்புக்குச் சற்றுக் கீழே சுண்டுங்கள், அல்லது பென்சிலின் பின்முனையால் இலேசாகத் தட்டுங்கள். பலமாகத் தட்டினால் ஓசை தெளிவாகாது. ஏற்கெனவே ஆடுகிற, ஒட்டுப் போட்ட, கண்ணுக்கே விரிசல் தெரிகிற பாத்திரத்தைத் தட்டவே கூடாது.

ஓரிடத்தில் சுண்டி முடிவுக்கு வருவது பெரும்பாலானவர்கள் செய்வது, அதுவே ஏமாற்றவும் செய்கிறது. விளிம்பு அதிரும்போது சுற்றிலும் நான்கு இடங்கள் மிகுதியாக அசைகின்றன, அவற்றுக்கு இடையில் நான்கு இடங்கள் ஏறக்குறைய அசையாமல் நிற்கின்றன. விரிசல் அசையாத இடத்தில் விழுந்துவிட்டால் ஓசை கணீரென்றே வரும். ஆகவே விளிம்பைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டு எட்டு இடங்களில், சமதூரம் விட்டுச் சுண்டிச் சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் நீண்டு ஒலித்தது அடுத்த இடத்தில் பொத்தென்று அடங்கினால் அந்தப் பகுதியை லென்ஸால் தேடுங்கள்.

கைப்பிடி வைத்த கோப்பையில் மட்டும் ஒரு பொய் எச்சரிக்கை உண்டு. கைப்பிடிக்கு நேர் மேலே சுண்டினால் வரும் சுருதியும், அங்கிருந்து அரைக்கால் வட்டம் தள்ளிச் சுண்டினால் வரும் சுருதியும் வேறுபடும். இரண்டாவது சற்று உயர்ந்திருக்கும். கைப்பிடியின் கனம் ஒரு வகை அதிர்வை மட்டும் மந்தமாக்குவதால் வரும் வேறுபாடு இது. சந்தேகம் வந்தால் சுருதியை விட்டுவிட்டு, ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது, சுத்தமாக நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். விரிசல் சுருதியைவிட நீளத்தைத்தான் அதிகம் கெடுக்கும்.

எந்த மண் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். 1200 டிகிரிக்கு மேல் சுட்டு இறுகிய ஊறுகாய் ஜாடியும், மெல்லிய போர்சலின் கிண்ணமும் கணீரென்று ஒலிக்க வேண்டியவை. குறைந்த சூட்டில் சுட்ட மண் அப்படி ஒலிக்காது. 1870களில் ஜார்ஜ் டெர்ரி பம்பாய்க் கலைப்பள்ளியில் வளர்த்தெடுத்த, சிந்து மரபைத் தழுவிய நீலப் பச்சைப் பாத்திரங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவை முழுமையாக இருந்தாலும் டொக்கென்றுதான் பேசும். ஆங்கிலேய நீல அச்சுத் தட்டுகளும் அப்படியே. இவற்றில் ஒரு பாத்திரத்தின் ஓசையை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அதே பாத்திரத்தின் எட்டு இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே வழி.

ஒரு ஜாடியை வைத்துப் பார்ப்போம்

என் சித்தி மகள் மாதுங்காவில் குடியேறியபின் ஆவக்காய் போட ஒரு பெரிய ஜாடி வேண்டுமென்றாள். ஒரு முழ உயரமுள்ள இருநிற ஜாடி ஒன்று எங்கள் கண்ணில் பட்டது. கழுத்தின் கீழே பழுப்பு மெருகில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் பிளந்திருந்தது. “அண்ணா, இது வேண்டாம், உடைசல்” என்றாள் அவள். “சூளையிலேயே வந்ததும்மா” என்றார் கடைக்காரர்.

இந்த இடத்தில் கடைக்காரர் சொன்னது சரி. வெடிப்பின் உதடுகள் இரண்டும் உருண்டிருந்தன, உள்ளே பழுப்பு மெருகு தேங்கிக் கெட்டியாகியிருந்தது, உட்பக்கத்தில் அதற்கு நேரே எந்தக் கோடும் இல்லை. அடுத்து அதன் இரு முனைகளையும் லென்ஸால் பார்த்தோம். மழமழப்பான பிளவின் நுனியிலிருந்து கூர்மையான மெல்லிய கோடு ஏதாவது புறப்பட்டிருந்தால், பழைய குறை வளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படி எதுவும் இல்லை. வாய்விளிம்பில் எட்டு இடத்திலும் சுண்டினோம். எட்டும் ஒரே அளவு நீண்டு ஒலித்தன. முகங்கள் தொடாத அகன்ற சூளை வெடிப்பு உரசுவதற்கு இடமில்லாததால் ஓசையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் பணம் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் விளிம்பில் கேட்கும் ஓசை அடியைப் பற்றிச் சாட்சி சொல்லாது. விளிம்பு எவ்வளவு அசைகிறதோ அவ்வளவுக்கு அடி அசையாமல் நிற்கிறது. ஆகவே அடியில் இருக்கும் விரிசல் வாயில் சுண்டும்போது வாய் திறக்காமல் இருந்துவிடும். கனத்த ஜாடிகள் பெரும்பாலும் தரையில் ‘டங்’கென்று வைக்கப்பட்டு அடிமூலையில்தான் விரிசல் விடுகின்றன.

ஜாடியைப் படுக்கவைத்து வயிற்றின் அடிப்பகுதியை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போனோம். ஒரு பக்கத்தில் அடிவளையத்துக்கு நான்கு விரல் மேலே ஓசை குறுகியது. அங்கே வெள்ளை மெருகில் கோடு தெரியவில்லை. விளக்கை ஜாடியின் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தபோது, தலைமுடி ஒட்டியதுபோல ஒரு நிழல்; அதன் ஓரமாக வெண்பொடி பூத்த சில புள்ளிகள். அடிவளையத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். மெருகில்லாத மண் சீக்கிரம் வெளுத்தது. விரிசல் உறிஞ்சிய நீர் மட்டும் கறுப்புக் கோடாகச் சற்று நேரம் நின்று, அடியில் பாதித்தூரம் ஓடியிருப்பதைக் காட்டிக்கொடுத்தது.

அந்த வெண்பொடி உப்பு. பல ஆண்டு ஊறுகாயின் உப்புநீர் விரிசல் வழியாக மண்ணுக்குள் போயிருக்கிறது. மும்பையில் மழைக்கால ஈரத்தில் அது கரையும், காற்று உலர்ந்ததும் மறுபடி படிகமாகும். படிகம் வளரும்போது மெருகை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். அடிப்பக்கம் மெருகு செதில்செதிலாக உதிர்ந்திருக்கும் பழைய ஜாடிகளில் இதைத்தான் பார்க்கிறோம். வெண்பொடியைத் துடைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். துடைத்தது வெளியே வந்தது மட்டும்.

ஊறுகாய்க்கு அந்த ஜாடி ஆகாது. கழுத்தில் பயமுறுத்திய வெடிப்பு தீங்கற்றது. கண்ணுக்கே தெரியாத அடிவிரிசல்தான் அதை ஒதுக்க வைத்தது.

வீட்டுக்கு வந்தபின்

கடையில் முடியாத ஒரே சோதனை நீர்ச்சோதனை. தேறிய ஜாடியில் சாதாரணத் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, செய்தித்தாள் மேல் நிறுத்தி, மறுநாள் காலையில் தாளைப் பாருங்கள். வெந்நீர் வேண்டாம், அறைச் சூட்டிலிருந்து திடீரென்று சூடேறினால் சிறு விரிசல் பெரிதாகிவிடும். தாள் நனைந்திருந்தால் விரிசல் உறுதி. ஆனால் ஒட்டுப் போட்ட பாத்திரத்திலும் பொன்வேலை உள்ளவற்றிலும் இதைச் செய்யாதீர்கள். வலைக்கோடு அடர்ந்த மண்தட்டுகளிலும் தேவையில்லை. அவை விரிசலே இல்லாமல் நீரைக் குடித்துக் கறை பிடித்துக்கொள்ளும்.

விரிசலைப் பிசின் வைத்து அடைத்து மேலே நிறம் பூசியிருந்தால் ஓசை ஓரளவு திரும்பிவிடும், சுண்டுதல் மட்டும் காட்டிக்கொடுக்காது. இருட்டறையில் புற ஊதாக் கைவிளக்கை அடித்தால் புதுப் பூச்சு பெரும்பாலும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறான நிறத்தில் ஒளிரும். நகத்தால் வருடினாலும் மெருகின் குளிர்ச்சியும் வழுவழுப்பும் அந்த இடத்தில் மாறுவது தெரியும்.

கடைசியாக உணவு. உட்பக்கம் வலைக்கோடு விட்ட பாத்திரத்தில் எண்ணெயும் புளிப்பும் மண்ணுக்குள் இறங்கிச் சிக்கு வாடையாக வெளியே வரும், கழுவினாலும் போகாது. குறைந்த சூட்டில் சுட்ட பழைய வண்ண மெருகுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, அது பார்வையிலோ ஓசையிலோ தெரியாது. புளி, எலுமிச்சை, வினிகர் பட்டால் அது கரைந்து வரும். ஆகவே இந்த வகைத் தட்டும் கிண்ணமும் அலமாரிக்கு. ஊறுகாய்க்கு எடுப்பது உயர்சூட்டில் சுட்டு இறுகிய, உள்மெருகில் வலையில்லாத, எட்டு இடத்திலும் அடியிலும் ஒரேமாதிரி ஒலித்த, காலையில் தாளை நனைக்காத ஜாடியாக மட்டும் இருக்கட்டும்.